110-ஆ, 125-ஆ: தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களின் கேள்விகள்

தினமும் 30 கிலோமீட்டர், பாதி நாள் பின்னால் மனைவி, வழியில் ஒரு மேம்பாலம். 110 சிசி போதுமா?

போகும், ஆனால் அந்த மேம்பாலத்தில் முனகும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 வண்டி 106 கிலோ, நீங்கள் 65, மனைவி 65, மொத்தம் 236. முறுக்குவிசை 9 நியூட்டன் மீட்டர் பக்கம். 125 வண்டி ஐந்து கிலோ கூடுதலாக இருந்தாலும் மொத்தம் 241தான், முறுக்குவிசையோ 10-ஐத் தாண்டும். அதாவது எடை இரண்டு சதவீதம் ஏறுகிறது, இழுவை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. தனியாகப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது, சிக்னலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் கிளம்பும். இரண்டு பேர் ஏறி, 40-லிருந்து 60-க்கு முறுக்கி ஒரு லாரியைத் தாண்ட வேண்டும் என்கிறபோதுதான் வித்தியாசம் கைக்குத் தெரியும். உங்கள் நிலையில் நான் 125 எடுப்பேன். ஆனால் ஒன்று, இரண்டு பேரோடு போகும் 125, தனியாள் ஓட்டும் 110 அளவுக்குக்கூடப் பாயாது. அந்த ஆசையோடு வாங்காதீர்கள்.

125 பெட்ரோல் குடிக்கும்ணு எல்லாரும் சொல்றாங்க. என் அண்ணன் 110-ல 55 வாங்குறான்.

சொல்வதில் பாதி சரி. ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே ஓட்டு என்றால் 125 கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கும். 110-க்கு 50, 125-க்கு 45 என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டினால் 15 லிட்டர், 16.7 லிட்டர். வித்தியாசம் ஒன்றே முக்கால் லிட்டர்கூட இல்லை. டயரில் காற்றைக் கவனிக்காமல் விட்டு, சிக்னலுக்குச் சிக்னல் முறுக்கிப் பிரேக் பிடித்தால் 110-லேயே இதைவிட அதிகம் போய்விடும். அப்புறம், அண்ணனுடைய 55, மீட்டர் திரையில் பார்த்ததா, டேங்க் நிரப்பி அளந்ததா? இரண்டு முறை முழு டேங்க் நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரை காட்டுவது உத்தேசம்தான்.

இல்லைங்க, ரெண்டு பேர் போனா 110-தான் அதிகம் குடிக்கும், எப்பவும் முழுசா முறுக்கியே ஓட்டணும்.

ஏற்றமான பாதையில் இது நடக்கலாம், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். சமதளத்தில் நான் அளந்த வரைக்கும் அப்படி வரவில்லை. உங்கள் பாதையில் டேங்க் கணக்கு எடுத்திருந்தால் எழுதுங்கள், பார்ப்போம்.

என்னோட 110-க்கு அஞ்சு வயசு. பிக்கப் சுத்தமா போச்சு, அதான் 125-க்கு மாறலாம்னு...

பொறுங்கள். முறுக்கும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி சோம்பலாக நகர்கிறதா? அப்படியானால் குறை சிசியில் இல்லை, பெல்ட்டிலோ கிளட்ச் ஷூவிலோ இருக்கும். என் பழைய வண்டிக்கும் இதே கதை. ஒரு பட்டறையில் இரண்டு முறை பிளக் மாற்றி, கார்புரேட்டரும் கழுவிக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இடது பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் தேய்ந்து, உள்பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர்களில் மூன்று ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. மாற்றியதும் பழைய இழுவை வந்துவிட்டது. முதலில் அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அம்மாவுக்கு வாங்கணும், உயரம் அஞ்சடி. 125 ரொம்ப கனமா?

125 என்றாலே கனம் என்று இல்லை. சில 125 வண்டிகள் 110-ஐ விட மூன்று நான்கு கிலோதான் கூடுதல், விளையாட்டுத் தோரணையில் வருகிறவை பத்துக் கிலோவுக்கு மேல் போகும். எண்ணை விட்டுவிட்டு அம்மாவையே கூட்டிப் போங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடச் சொல்லுங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்தபடி, லேசான ஏற்றத்தில் காலால் உந்திப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் தத்தளித்தால் அந்த வண்டி வேண்டாம், சிசி எதுவாக இருந்தாலும் சரி.

என்கிட்ட 150 பைக் இருக்கு. 125 ஸ்கூட்டர் அது மாதிரி இழுக்குமா?

இழுக்காது. இங்கே கேள்வி அது இல்லையே!

விலை வித்தியாசத்துக்கு 125 தகுமா?

எந்த மாடலோடு எதை ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 110-ன் மேல் மாடலும் 125-ன் கீழ் மாடலும் பெரும்பாலும் விலையில் ஒட்டி வரும். அப்போது 110-ல் முன்பக்கம் டிஸ்க் பிரேக் கிடைத்து, 125-ல் டிரம் மட்டும் இருந்தால், தனியாக ஓட்டுகிறவர் 110-ஐயே எடுக்கலாம். தினம் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் தனியாகப் போகிறவர் கூடுதல் சிசிக்குக் கொடுக்கும் பணம், நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்குக் கொடுக்கும் பணம். பின் சீட் காலியாக இல்லாதவருக்கு மட்டும் நான் 125 சொல்வேன். கொட்டேஷன் வாங்கும்போது காப்பீடு, பதிவு எல்லாம் சேர்த்த கடைசித் தொகையை இரண்டுக்கும் எழுதி வாங்கி, அதை வைத்து ஒப்பிடுங்கள்.