டி4 குறைவு, ஆனால் டிஎஸ்எச் நார்மல்: கோளாறு எங்கே?

"தேர்வு கேஸில் தைராய்டு குறைபாடு பிரைமரியா, செகண்டரியா, சப்கிளினிக்கலா என்று ரிப்போர்ட்டைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?"

டிஎஸ்எச் என்பது தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவு. மாடித் தொட்டி காலியானால் மோட்டார் போடுவதுபோல, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் ஏற வேண்டும். ஏறியும் டி4 குறைவென்றால் கோளாறு தைராய்டில், அது பிரைமரி. டி4 நார்மலாக இருந்து டிஎஸ்எச் மட்டும் ஏறினால் சப்கிளினிக்கல்.

மாணவர்கள் தடுமாறுவது செகண்டரியில்தான். குடியாத்தத்துப் பெண், பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு, அப்புறம் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. ஃப்ரீ டி4 டெசிலிட்டருக்கு 0.5 நானோகிராம், தெளிவாகக் குறைவு. டிஎஸ்எச் 2.1, அதாவது நார்மல். தொட்டி காலி, ஆனால் மோட்டார் போட ஆளில்லை: ரத்தப்போக்கால் பிட்யூட்டரி பழுது, அதாவது ஷீஹான் சிண்ட்ரோம்; இதுதான் செகண்டரி. இவருக்கு முதலில் கார்டிசால் குறைவைச் சரிசெய்துவிட்டுத்தான் தைராக்சின்; மாற்றிக் கொடுத்தால் அட்ரீனல் நெருக்கடி வரலாம்.

டிஎஸ்எச் நார்மல் என்றாலே தைராய்டு குறைபாடு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிட்யூட்டரி நன்றாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும்.