ஏற்றுமதி பில்லில் பேங்க் சார்ஜ் கழிந்து வந்தால் என்ன செய்வது?

கேள்வி: சென்னையிலிருந்து தோல் பைகள் ஏற்றுமதி செய்கிறோம். 4,800 டாலர் பில்லுக்கு 4,775 தான் வந்தது. கேட்டால் "பேங்க் சார்ஜ்" என்கிறார் கஸ்டமர். மீதியை எப்படி எழுதுவது, எப்படிக் கேட்பது?

பதில்: பணத்தை எடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். கஸ்டமர் அனுப்பும் ஸ்விஃப்ட் காப்பியில் அவருடைய பேங்கிலிருந்து கிளம்பிய தொகைதான் இருக்கும், வழியில் கழிந்தது தெரியாது. அதனால் உங்கள் பேங்கிலேயே, அவர்களுக்கு வந்து சேர்ந்த செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதன் பழைய வடிவத்தில் 33B என்பது கஸ்டமர் அனுப்பச் சொன்ன தொகை, 32A வந்து சேர்ந்த தொகை. 33B-யில் 4,800 இருந்தால் அவர் முழுசாகத்தான் அனுப்பியிருக்கிறார். இடையில் ஒரு பேங்க் எடுத்த 25 டாலர் 71F-ல் தெரியும். 33B-யிலேயே 4,775 என்றிருந்தால் கழித்தது அவரேதான். புது வடிவச் செய்தியில் 33B-யின் பெயர் InstdAmt, 32A-வின் பெயர் IntrBkSttlmAmt.

அடுத்து, செலவு யாருடையது என்று சொல்லும் 71A. OUR என்றால் செலவு முழுக்க அனுப்புபவருடையது, SHA என்றால் ஆளுக்குப் பாதி என்றில்லை, அவர் பேங்க் செலவு அவருக்கு, மற்றது உங்களுக்கு. ஆர்டரில் எதுவும் எழுதாமல் SHA-வில் வந்திருந்தால் கேட்பதற்கு வலு குறைவு. நானாக இருந்தால் அதைச் செலவில் எழுதிவிடுவேன்.

கணக்குக்கு வருவோம். பில் போட்ட அன்று டாலர் 85 ரூபாய், பணம் வந்த அன்று 86 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் வரவு 4,10,650. கஸ்டமர் கணக்கில் தீர்வது 4,775 டாலருக்கான 4,05,875 மட்டும். நடுவில் உள்ள 4,775 ரூபாய் அந்நியச் செலாவணி லாபம். மீதி 25 டாலர், அதாவது 2,125 ரூபாய், அதே பில் நம்பரில் பாக்கியாக நிற்கட்டும். பலர் இந்த 2,125-ஐச் செலாவணி லாபத்திலேயே கழித்து பில்லை மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாக்கி இருந்ததே பிறகு யாருக்கும் தெரியாது. கிரெடிட் நோட்டும் போடாதீர்கள். சரக்கின் விலை குறையவில்லை, ஷிப்பிங் பில்லில் 4,800 தான் இருக்கிறது. வராது என்று முடிவானால் பேங்க் சார்ஜ் செலவுக்கு மாற்றி, ஸ்விஃப்ட் நகலை வவுச்சரோடு வையுங்கள். உங்கள் பேங்கிலும் அதைக் கொடுத்து, ஷிப்பிங் பில் பாக்கி நிற்காமல் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

கேட்கும்போது 25 டாலரை மட்டும் தனியாக அனுப்பச் சொல்லாதீர்கள், அதையும் இடை பேங்க் விழுங்கிவிடும். அடுத்த பில்லுக்குப் பணம் அனுப்பும்போது சேர்த்து அனுப்பவும், இரண்டு பில் நம்பர்களையும் குறிப்பிடவும் என்று நகலை இணைத்து மெயில் போடுங்கள். அடுத்த பில்லின் விலையில் அதை ஏற்றிவிட வேண்டாம். புது ஆர்டரிலும் பில்லிலும் "இந்தியாவுக்கு வெளியே ஆகும் பேங்க் செலவு முழுவதும் வாங்குபவருடையது, OUR-ல் அனுப்பவும்" என்று ஒரு வரி சேருங்கள்.