ஷிப்ட் மாற்றம்: ஞாயிறு இரவுக்குள் கணக்கு முடிந்துவிட வேண்டும்

கேள்வி: தேக்கா பக்கம் ஓர் உணவகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 11 பேர். ரோஸ்டர் ஒட்டிய பிறகு ஆட்கள் வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை கல்லாவில் ஆளே இல்லை. சம்பளம் போடும்போது இரண்டு பேருக்கு ஓவர்டைம் வேறு வந்து நிற்கிறது. ஒருவர் ஷிப்டை இன்னொருவர் பார்த்ததுதானே, அதற்கு ஏன் ஓவர்டைம்? முதலாளி இனிமேல் மாற்றமே கூடாது என்கிறார். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. மாற்றத்தை மொத்தமாகத் தடுத்தால் ஆட்கள் எம்சி எடுக்கத் தொடங்குவார்கள், அதைவிட மாற்றமே மேல். ஆனால் முதலில் அந்த ஓவர்டைம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒருவர் இந்த வாரம் உதவியிருப்பார், மற்றவர் அதைத் திருப்பிக் கொடுத்தது அடுத்த வாரமாக இருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். காலை ஷிப்ட் 7 மணியிலிருந்து 4 மணி வரை, சாப்பாட்டு நேரம் போக 8 மணி நேர வேலை. மாலை ஷிப்ட் 1 மணியிலிருந்து இரவு 11 வரை, இடைவேளை போக 9 மணி நேரம். எல்லோருக்கும் வாரம் ஐந்து நாள் வேலை. கல்லாவில் இரண்டு பேர் என்று வையுங்கள், ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். இருவருக்கும் வாரத்தில் இரண்டு காலை, மூன்று மாலை, ஆக 43 மணி நேரம். இளையவருக்குச் சனிக்கிழமை மாலை நண்பர் வீட்டுத் திருமணம். அன்று மூத்தவருக்கு ஆஃப். "நான் பார்த்துக்கறேன் தம்பி, அடுத்த வாரம் என் செவ்வாய் மாலையை நீ பாரு" என்கிறார். இரண்டும் 9 மணி நேர ஷிப்ட்தான், நியாயமான பேச்சு.

ஆனால் மூத்தவர் இந்த வாரம் 52 மணி நேரம், அடுத்த வாரம் 34. இளையவருக்கு அப்படியே தலைகீழ், முதலில் 34, பிறகு 52. இரண்டு வாரத்தையும் சேர்த்தால் ஆளுக்கு 86, ஒரு மணி நேரம்கூடக் கூடவில்லை. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று பார்க்கிறது. 52 வந்த வாரத்தில் ஆளுக்கு 8 மணி நேரம் ஓவர்டைம். அடுத்த வாரத்து 34 அதை ஈடுகட்டாது.

வெள்ளிக் கணக்கில் சொன்னால் முதலாளிக்கும் புரியும். அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளி என்றால் அதை 12 ஆல் பெருக்கி, 52 × 44 ஆல் வகுங்கள். மணிக்கு 11.54 வெள்ளி வரும். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 17.31. எட்டு மணி நேரத்துக்கு 138.46 வெள்ளி, இரண்டு பேருக்கும் சேர்த்து 276.92. கடைக்கு ஒரு நிமிடம்கூட அதிக வேலை நடக்கவில்லை, ஒரு கல்யாண விருந்துக்காக இவ்வளவு.

"அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள், நான் கேட்கவில்லையே" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். சட்டம் முதலாளி கேட்டுச் செய்த கூடுதல் வேலையைத்தான் பேசுகிறது, உண்மைதான். ஆனால் ரோஸ்டரில் அந்தப் பெயரை நீங்கள் எழுதி ஒட்டிய பிறகு, அவர் கடையைத் திறந்து வேலை பார்த்த பிறகு, நான் கேட்கவில்லை என்று மனிதவள அமைச்சில் போய்ச் சொல்வது எடுபடும் என்று நான் நம்பமாட்டேன். கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வராமல் பாருங்கள்.

இந்த 44 மணி நேரக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை. உங்கள் கடையில் அநேகமாக எல்லோரும் இதற்குள் வந்துவிடுவார்கள்.

சரி, அதே திருமணத்தை எப்படிச் சமாளிப்பது? திருப்பிக் கொடுக்கும் ஷிப்டும் அதே திங்கள் முதல் ஞாயிறுக்குள் விழ வேண்டும். அவ்வளவுதான் விதி. இளையவருக்கு வியாழன் ஆஃப், மூத்தவருக்கு அன்று மாலை ஷிப்ட். அதை இளையவர் எடுத்துக்கொண்டால், சனிக்கு வியாழன் சரியாகிவிடும், இருவரும் 43லேயே நிற்பார்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இளையவருக்கு வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட். வியாழன் இரவு 11 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, உட்லண்ட்ஸுக்கு எம்ஆர்டி பிடித்துப் போய், வெள்ளி காலை 7 மணிக்கு மறுபடியும் திறக்க வர வேண்டும். வரமாட்டார். உங்கள் கல்லாவில் ஆளில்லாத அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய இரவு யார் மூடியது என்று பழைய ரோஸ்டரை எடுத்துப் பாருங்கள், ஒருவேளை விடை அங்கேயே இருக்கும். இரவு மூடியவர் மறுநாள் காலை திறக்கக் கூடாது என்பதை நான் ரோஸ்டர் போட்ட கடைகளிலெல்லாம் கறாராக வைத்திருந்தேன். இரண்டு ஷிப்டுக்கு நடுவே 11 மணி நேரம் என்பது என் சொந்த அளவு.

அதனால் வெள்ளிக்கிழமையையும் இருவரும் மாற்றிக்கொள்ள வேண்டும். மூத்தவர் வெள்ளி காலை, இளையவர் வெள்ளி மாலை. இப்போது மூத்தவருக்குத் திங்கள், செவ்வாய், வெள்ளி காலையும் சனி, ஞாயிறு மாலையும், 42 மணி நேரம். இளையவருக்குச் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு மாலையும் ஞாயிறு காலையும், சரியாக 44. நூலிழையில் தப்பித்தது. அவர் ஏற்கெனவே 44ல் இருந்திருந்தால் இந்த மாற்றமே ஒரு மணி நேரம் ஓவர்டைம் ஆகியிருக்கும். காலையும் மாலையும் ஒரே அளவு இல்லாத கடைகளில் இந்த ஒரு மணி நேரக் கசிவை யாரும் கவனிப்பதில்லை. ரோஸ்டரில் "கா", "மா" என்று எழுதாமல் 8, 9 என்று மணிக்கணக்கை எழுதுங்கள். கூகுள் ஷீட்டில் ஆளுக்கு ஒரு வரிசை, ஓரத்தில் இது ஒன்று போதும்:

```
=IF(SUM(B2:H2)>44,"OT","OK")
```

மாற்றத்துக்குச் சம்மதிக்கும் முன் எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஓவர்டைம் என்று காட்டினால் வேறு நாள் பேசச் சொல்லுங்கள்.

மூன்று வாரச் சராசரி விதியை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். ஷிப்ட் ஊழியர்களுக்கு அப்படி ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை போகலாம், ஆனால் தொடர்ந்து வரும் எந்த மூன்று வாரத்தை எடுத்தாலும் சராசரி 44ஐத் தாண்டக் கூடாது. அதை அவர்களுக்கு விளக்கி, எழுத்தில் ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தாலும் மூத்தவர் பேசிய முதல் மாற்றம் தேறாது. அவருடைய 52க்கு முன்னால் இரண்டு வாரம் 43, 43 என்று இருக்கிறது. கூட்டினால் 138, எல்லை 132. பின்னால் வரும் 34ஐ மட்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். முன்னாலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஓய்வு நாள். ஐந்து நாள் வேலையில் இரண்டு நாள் லீவு என்றாலும் அதில் ஒன்றுதான் சட்டப்படி ஓய்வு நாள், மற்றது வெறும் ஆஃப். எது எது என்று ரோஸ்டரில் குறித்திருக்கிறீர்களா? பல கடைகளில் இல்லை. மூத்தவரின் சனி ஓய்வு நாளாக இருந்திருந்தால் கணக்கு வேறு. ஓய்வு நாளில் அரைநாளுக்கு மேல் வேலை பார்த்தால், ஊழியரே கேட்டுச் செய்ததற்கு ஒரு நாள் சம்பளம், முதலாளி கேட்டதற்கு இரண்டு நாள் சம்பளம். இதைத் தவிர்க்க, மாற்றத்தை எழுதும்போதே ஓய்வு நாளையும் அந்த வாரத்துக்குள் வேறு நாளுக்கு நகர்த்தி எழுதிவிடுங்கள். இரண்டு ஓய்வு நாளுக்கு இடையே 12 நாளுக்கு மேல் போகக் கூடாது.

இனி கல்லாவில் ஆளில்லாமல் போனதற்கு வருவோம். தூக்கக்கலக்கம் ஒரு காரணம் என்றால், இன்னொன்று இரண்டு பேரும் மற்றவர் வருவார் என்று நினைத்தது. வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணே" என்று ஒரு வரி, அவ்வளவுதான் ஒப்பந்தம். எனக்கே ஒரு கடையில் இப்படி நடந்தது. ஒருவர் தன் ஷிப்டை இன்னொருவருக்குக் கொடுத்தார், அவர் மூன்றாவது ஆளுக்குக் கொடுத்தார், மூன்றாமவர் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டார். யாரைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து மாறிய ஷிப்டை மறுபடி மாற்ற விட்டதில்லை. ரோஸ்டரில் பெயர் மாறும் வரை பழையவர்தான் பொறுப்பு, பெயர் மாறிய நிமிடத்திலிருந்து புதியவர்தான் பொறுப்பு. மாற்ற வேண்டிய இரண்டு ஷிப்டில் முதலாவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் இருவரும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்து "அவர் சரின்னுட்டார்" என்றால் போதாது.

தலைக்குத் தலை சரியாக இருந்தாலும் இடம் காலியாகலாம். தோசைக்கல்லில் நிற்பவரும் பரிமாறுபவரும் மாற்றிக்கொண்டால் எண்ணிக்கை சரி, தோசை வராது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் கல்லாவுக்கு ஒருவர், தோசைக்கல்லுக்கு ஒருவர் என்று வேலைப்படி எழுதி வையுங்கள். அதே வேலை தெரிந்தவரோடு மட்டும்தான் மாற்றம். ஒர்க் பர்மிட்டில் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சமையற்காரராக அனுமதி பெற்றவரைக் கல்லாவில் உட்காரவைக்கக் கூடாது. முதலாளியின் இன்னொரு கடை வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அங்கிருந்து ஆளைக் கொண்டுவந்து மாற்றுவதும் கூடாது.

திருப்பிக் கொடுக்க வேண்டியவர் அன்று எம்சி எடுத்தால்? வியாழன் ரோஸ்டரில் இளையவர் பெயர் இருந்தால் அது அவருடைய எம்சி, அவருடைய மருத்துவ விடுப்பில் கழியும். மூத்தவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள், அவர் அன்றும் வந்தால் 51க்குப் போய் நிற்பார். வழக்கமாக எம்சிக்கு ஆள் பிடிப்பது போலவே, மணிக்கணக்கு குறைவாக இருக்கும் வேறொருவரைப் பாருங்கள். "எனக்கு ஒரு ஷிப்ட் கடன்" என்று அடுத்த மாதம் வரை யாரும் சுமந்துகொண்டு திரியக் கூடாது.

தீபாவளி நெருங்கும்போது இந்தப் பேச்சு சூடாகும். பொது விடுமுறையில் வேலை பார்ப்பவருக்குக் கூடுதலாக ஒரு நாள் சம்பளம் உண்டு, அது அன்று உண்மையில் வேலை பார்த்தவருக்குத்தான் போகும், முதலில் ரோஸ்டரில் இருந்தவருக்கு அல்ல. மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கும்போதே இரண்டு பேரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.