என் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா இறந்துவிட்டார். அடுத்த வாரம் அவன் பள்ளிக்கு வருகிறான். மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்ல? பெற்றோர்களுக்கு என்ன எழுதி அனுப்ப?

உங்களுக்கு இப்போது தலைமையாசிரியரிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் ஆளுக்கு ஒரு யோசனை வந்துகொண்டிருக்கும். "சின்னப் பிள்ளைங்க, ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர், தானா மறந்துடும்" என்று ஒருவராவது சொல்லியிருப்பார். நானும் அதை நம்பித்தான் ஒருமுறை தவறு செய்தேன். நான் மனநல மருத்துவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவள், அவ்வளவுதான். வேறு மாதிரி செய்து நன்றாக வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஒன்பது வருடம் முன்பு என் வகுப்பிலும் இதே மூன்றாம் வகுப்புப் பையன். அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அன்று வகுப்பில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "அவங்க அப்பா உடம்பு சரியில்லாம சாமிகிட்ட போயிட்டாரு, எல்லாரும் கண்ணை மூடி வேண்டிக்கோங்க." வேண்டிக்கொண்டார்கள். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கண்ணைத் திறந்து, "எப்ப டீச்சர் திரும்பி வருவாரு?" என்றாள். பதில் சொல்லாமல் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை அதே பெண் கேட்டில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்தாள். அவருக்கு இரண்டு நாளாகச் சளி, காய்ச்சல். "உடம்பு சரியில்லாம" என்று நான் சொன்னதை அவள் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவள் அம்மா என்னைக் கோபிக்கவில்லை. "ராத்திரி பூரா எழுந்து எழுந்து அவரு மூச்சு விடுறாரான்னு பார்த்தா டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

பையன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தான். மூத்த மகன் என்பதால் கொள்ளி வைத்தது அவன்தான். மொட்டைத் தலை. வகுப்பில் யாருக்கும் அது ஏன் என்று தெரியாது, நான்தான் சொல்லவில்லையே. "எந்தக் கோயில்டா மொட்டை?" என்று ஒருவன் தலையைத் தடவிச் சிரித்தான். சிரித்தவன் கெட்ட பிள்ளை இல்லை. அவன் சிரிக்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் முன்பே வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பையன் ஒரு வாரம் இடைவேளையில் வெளியே வரவே இல்லை.

ஆசிரியர் பயிற்சியில் பியாஜேயின் வளர்ச்சி நிலைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் சாவை எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித்தரவில்லை. வாக்காளர் பட்டியல் வேலைக்கு மட்டும் எங்களுக்கு வருடம் தவறாமல் பயிற்சி உண்டு. இதைச் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பார்கள். விடுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை இதே சூழல் வந்தது. அப்போது செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக்குப் பேசுங்கள். அம்மா பேசும் நிலையில் இல்லையென்றால் மாமா, சித்தப்பா யாராவது இருப்பார்கள். பையனுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், வகுப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். தற்கொலை போன்ற காரணம் என்றால், குடும்பம் அனுமதிக்காத வரை காரணத்தைத் தொடவே வேண்டாம். அதற்காகப் பொய்க் காரணமும் சொல்ல வேண்டாம். தெரு முழுக்கத் தெரிந்த செய்தியை ஒரு பிள்ளை வகுப்பிலேயே சொல்லிவிடும், பிறகு உங்கள் பேச்சை நம்பாது. "அதை அவங்க வீட்ல உள்ளவங்கதான் சொல்லணும்" என்றால் போதும்.

அவன் வருவதற்கு முந்தைய நாள், முதல் பாடவேளையில் பேசுங்கள். கடைசி மணியில் வேண்டாம், கேள்வியெல்லாம் மனதிலேயே இருக்க வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி: "அவனோட அப்பா இறந்துட்டாரு. இதயத்துல வந்த பெரிய நோய், டாக்டருங்களால சரி பண்ண முடியல. இறந்துட்டாருன்னா உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. மூச்சு விட மாட்டாரு, பசிக்காது, வலிக்காது, திரும்பி வர மாட்டாரு. நமக்கு வர்ற சளி, காய்ச்சல் வேற, அது மருந்து சாப்பிட்டா சரியாயிடும். இது யாரும் திட்டினதாலயோ சேட்டை பண்ணினதாலயோ வர்றது இல்ல." கடைசி வரியை விடாதீர்கள். தான் கோபத்தில் நினைத்ததால்தான் நடந்தது என்று இந்த வயதில் சில பிள்ளைகள் நம்புவார்கள். மொட்டை போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

"கடுமையாகப் பேசுகிறீர்கள், சாமிகிட்ட போயிட்டார் என்பதில் என்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்பிக்கையை வீட்டில் அவரவர் சொல்லட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் "போயிட்டார்", "தூங்கிட்டார்" என்றால் ஆறேழு வயதில் பல பிள்ளைகள் போனவர் வருவார், தூங்குபவர் எழுந்திருப்பார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும், பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

கேள்விகள் திடுக்கிட வைக்கும். "எரிக்கும்போது சுடாதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். "உயிர் போன உடம்புக்குச் சூடு தெரியாதுப்பா" என்றேன். தலையாட்டிவிட்டு ரப்பர் கேட்கத் திரும்பிவிட்டான். அதைப் பார்த்துப் பாசமில்லாத பிள்ளை என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும் பையனும் அப்படித்தான் இருப்பான், பத்து நிமிடம் ஓடி விளையாடுவான், பிறகு பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். இரண்டையும் விட்டுவிடுங்கள். வகுப்பை விட்டு வெளியே போகத் தோன்றினால் கேட்காமல் எழுந்து ஆயாம்மாவிடம் போகலாம் என்று அவனிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். வாரக்கணக்கில் சாப்பிடவில்லை, யாருடனும் ஒட்டவில்லை என்றால் வீட்டில் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பெற்றோர் குறிப்பு அன்றைக்கே, பிள்ளைகள் வீடு சேரும் முன் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாலை போட்ட படமும் "எப்படி ஆச்சு?" என்ற விசாரணையும் நிமிடத்தில் வந்துவிடும். டைரியில் ஒட்டி அனுப்புங்கள். நான் எழுதியது:

"அன்புள்ள பெற்றோருக்கு, நம் வகுப்பு மாணவர் ஒருவரின் தந்தை சென்ற வாரம் காலமானார். குடும்பத்தின் சம்மதத்துடன் இன்று காலை வகுப்பில் இதைச் சொன்னோம். 'இறந்துவிட்டார், திரும்பி வர மாட்டார்' என்ற சொற்களையே பயன்படுத்தினோம். 'நீங்களும் செத்துப்போவீங்களா?' என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். அதட்ட வேண்டாம். 'ரொம்ப நாள் உன்னோட இருப்பேன்னுதான் நினைக்கிறேன், உன்னைப் பார்த்துக்க நாங்க எல்லாரும் இருக்கோம்' என்று சொல்லுங்கள். அந்த மாணவர் நாளை வருகிறார். அவரிடம் விவரம் கேட்க வேண்டாம் என்றும், எப்போதும்போலச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்றும் பிள்ளையிடம் சொல்லியனுப்புங்கள். கேட்க வேண்டியது இருந்தால் நாலு மணிக்கு மேல் என்னிடம் பேசுங்கள்."

சேர்ந்து சாப்பிடுவது பற்றிய வரியைக் காரணத்தோடுதான் வைத்தேன். "தீட்டு வீடு, பக்கத்துல உட்காராத" என்று ஒரு வீட்டில் சொல்லியனுப்பியதை முதல் முறை நானே பார்த்தேன். அந்தச் சொல்லைக் குறிப்பில் எழுதினால் சண்டைக்கு வருவார்கள், எழுதாமலே சொல்லலாம்.

பிறகு உங்கள் வகுப்பில் என்னென்ன தாளில் "தந்தை கையொப்பம்" என்று இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். என் வகுப்புப் பையன் காலாண்டு ரேங்க் கார்டை வாங்கிக்கொண்டு இடத்துக்குப் போகாமல் மேசை அருகிலேயே நின்றான். "இதுல யாரு டீச்சர் போடணும்?" என்றான். "அம்மா" என்றேன். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த எழுத்தை என் பேனாவால் அடித்து, "அம்மா" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த தேர்வுக்கு எல்லாருடைய கார்டிலும் "பெற்றோர் / பாதுகாவலர்" என்றே ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டேன்.