அக்குளில் திரும்பத் திரும்ப வரும் கட்டி

"அக்குள்லயும் தொடை இடுக்குலயும் மாறி மாறி கட்டி வருது. கீறி சீழ் எடுத்தாலும் அதே இடத்துல மறுபடி வருது. சூட்டுக் கட்டிதானா?"

ஹைட்ராடினைடிஸ் என்ற தோல் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சாதாரணக் கட்டி கிருமியால் வருவது. முனை வைத்து உடைந்தால் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். இதிலோ மயிர்க்கால் அடைத்து, தோலுக்கடியிலேயே வெடித்து அழற்சி பரவுகிறது. கீறினால் வலி தணியும்; உள்ளிருக்கும் பை போகாததால் மறுபடி வீங்கும்.

ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது வந்ததா? கண்ணாடியில் பாருங்கள்: ஒட்டினாற்போல் இரட்டைக் கரும்புள்ளி, கயிறு போன்ற தழும்பு, பக்கத்துத் துளை வழியே கசியும் சீழ் எல்லாம் இதன் அடையாளங்கள். அழுக்கால் வருவதல்ல, ஒட்டாது, வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப நிலையில் பெரும்பாலும் 1% கிளிண்டமைசின் பூச்சைத் தினம் இருவேளை, சுமார் 3 மாதம் தருவார்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். காய்ச்சலோடு சிவப்பு பரவினால் அன்றே போக வேண்டும்.