டச்பேடா, மவுஸா?

"அண்ணா, கிருஷ்ணகிரியில் ஆல்பம், மாங்கூழ் லேபிள் டிசைன் செய்கிறேன். நல்ல டச்பேட் உள்ள லேப்டாப்புக்குக் கூடுதலாகப் பணம் போடலாமா, மவுஸே போதுமா?"

மவுஸே போதும் தம்பி. உங்கள் வேலையில் பாதி, பென் டூலில் ஓரம் வெட்டுவதுதானே? வளைவு வர, அழுத்திப் பிடித்தபடியே இழுக்க வேண்டும். சாதாரண டச்பேட் மேல்விளிம்பில் கீல் போட்டது; கீழே சுலபமாக அழுந்தும், மேலே போகப்போகக் கல் மாதிரி. அழுத்தம் கூடும்போது விரல் நழுவி, மாம்பழத்தின் ஓரம் நெளிந்துவிடும். பாதி வழியில் பேடின் இடமும் தீர்ந்துபோகும். விலை கூடிய ஹாப்டிக் பேடில் கீல் கிடையாது, அதிர்வாலேயே அழுந்தியது போன்ற உணர்வைத் தரும்; அதனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இடம் தீரும் தொல்லை அதிலும் உண்டு.

அதற்காக டச்பேடை ஓரங்கட்ட வேண்டாம். வலது கையில் மவுஸ், இடது கை விரல்கள் பேடில்: இரண்டு விரலால் படத்தை நகர்த்துங்கள், விரித்துப் பெரிதாக்குங்கள். மணிக்கணக்கில் ஆல்பம் திருத்தும்போது வலது மணிக்கட்டுக்கு இது பெரிய ஓய்வு. மவுஸ் செருகியதும் பேட் செத்துப்போனால், விண்டோஸ் செட்டிங்ஸில் Touchpad பக்கத்தில் "Leave touchpad on when a mouse is connected" என்பதை டிக் செய்யுங்கள்.

கடையில் வாங்கும் முன் பேடின் மேல் மூலையை அழுத்தி, ஒரு ஐகானை இழுத்துப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தை நிறம் சரியாகக் காட்டும் திரைக்குப் போடலாம். லேபிளுக்கு அதுதான் முக்கியம்.