“தோல்வி என்பது முடிவல்ல” என்று வள்ளுவர் எந்தக் குறளில் சொன்னார்?

பதிப்பகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் மெய்ப்புத் திருத்தினேன். போன மாதம் ஏஐ எழுதிக் கொடுத்த பொன்மொழிப் பட்டியல் ஒன்றில் பாதிக்கு மேல் போலி என்று சொன்னதிலிருந்து, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளை எடுத்து வைத்துப் பதில் எழுதுகிறேன்.

பள்ளி ஆசிரியை: ஆண்டு மலருக்காக ஏஐயிடம் முயற்சி பற்றி இருபது மேற்கோள் கேட்டேன். “தோல்வி என்பது முடிவல்ல அதுவே வெற்றிக்கு முதற்படி யாகும் – திருக்குறள் 619” என்று ஒன்று வந்தது. ஏழு சீர் சரியாக இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. போடலாமா சார்?

போடாதீர்கள் டீச்சர். முதலில் எண்ணைப் பாருங்கள். 619 என்பது “தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்”. அதிகாரம் சரிதான், ஆள்வினையுடைமை. இதுதான் இந்தப் பட்டியல்களின் தந்திரம், முகவரி சரியாக இருக்கும், உள்ளே வேறு ஆள் குடியிருப்பார்.

எண் இல்லாமல் வந்திருந்தாலும் இது நிற்காது. பத்தாம் வகுப்பில் நாமெல்லாம் அலகிட்டு வாய்பாடு எழுதினோமே, அதை ஒருமுறை செய்யுங்கள். “தோல்வி” தேமா. மாச்சீருக்குப் பின்னால் வெண்பாவில் நிரையசை வரவேண்டும், இங்கே “என்பது” நேரசையில் தொடங்குகிறது. முதல் இணைப்பிலேயே தளை தட்டிவிட்டது. “என்பது” கூவிளம், அடுத்து நேர் வரவேண்டிய இடத்தில் “முடிவல்ல” நிரையாக வருகிறது. இப்படியே போனால் ஆறு இணைப்பில் ஐந்து உடைகிறது. கடைசிச் சீர் “யாகும்”, அது நாள், மலர், காசு, பிறப்பு நான்கில் எதிலும் அடங்காது. பக்கத்தில் உண்மையான குறளை வைத்துப் பாருங்கள்: “முயற்சி திருவினை ஆக்கும் முயற்றின்மை இன்மை புகுத்தி விடும்”. புளிமாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர், முடிவில் “விடும்” மலர். ஒரு இடத்தில்கூட இடறாது. ஏழு சொல்லை எண்ணி அடுக்க யாராலும் முடியும், தளை தட்டாமல் அடுக்குவதுதான் கஷ்டம்.

இன்னொன்று, எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். “முடிவல்ல”. முடிவு ஒருமை. பழைய தமிழில் ஒருமைக்கு “அன்று”, பன்மைக்குத்தான் “அல்ல”. வள்ளுவர் “காமநோய் உற்றார் அறிவதொன் றன்று” என்பார். “மாடல்ல மற்றை யவை” என்னும்போது “மற்றையவை” பன்மை, அதனால் அங்கே “அல்ல”. எல்லாவற்றுக்கும் “அல்ல” போடுவது நம் காலத்துப் பழக்கம், நானும் போடுகிறேன், தப்பில்லை. ஆனால் குறள் என்று காட்டப்படும் வரியில் அது வந்தால் கை நிற்க வேண்டும்.

காலேஜ் தம்பி: அண்ணே, இவ்வளவு எதுக்கு? குறள்ல வடசொல்லே கிடையாது. வடசொல் இருந்தா போலி, இல்லைன்னா அசல். முடிஞ்சுது.

பாதி சரி தம்பி. ஸ, ஜ, ஷ, ஹ மாதிரி கிரந்த எழுத்து இருந்தால் அது குறள் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வடசொல்லே இல்லை என்றால் முதல் குறளின் “ஆதி பகவன்” என்னாவது? அப்புறம் உன் விதியின் மறுபாதிதான் ஆபத்து. மேலே டீச்சர் கொடுத்த வரியில் ஒரு வடசொல்கூட இல்லை, இருந்தும் போலி. ஏஐக்குச் சுத்தத் தமிழில் எழுதச் சொன்னால் எழுதிவிடும். தவறான சொல் இருந்தால் போலி என்று சொல்லலாம், இல்லாததை வைத்து அசல் என்று சொல்ல முடியாது.

நாள்காட்டி அச்சகத்தில் வேலை செய்பவர்: நாங்க தினத்தாள்ல ஒரு நாளைக்கு ஒண்ணு, 365 பொன்மொழி போடணும். எல்லாத்துக்கும் அலகிட்டுக்கிட்டு இருந்தா அடுத்த வருஷம்தான் அச்சாகும். சீக்கிர வழி சொல்லுங்க. பாரதியார் பேர்லயே நாப்பது இருக்கு.

குறளுக்குச் சீக்கிர வழி இருக்கிறது. மொத்தம் 1330தான், மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் முழுப் பாடமும் கிடைக்கிறது, அதில் தேடுங்கள். முழு வரியைப் போட்டுத் தேடாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு சீர் பிரிப்பு மாறும். “ஒருவற்கு” என்று தேடினால் “யொருவற்கு” என்று இருப்பது கிடைக்காது. “ருவற்” மாதிரி சொல்லின் நடுவிலிருந்து ஒரு துண்டைத் தேடுங்கள்.

பாரதிக்கு முதலில் கவிதை, உரைநடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கவிதை வரி என்றால் தொகுப்பில் இருக்கும் அல்லது இருக்காது, தேடினால் தெரிந்துவிடும். நாற்பதில் பெரும்பாலும் உரைநடை வாக்கியமாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அவர் 1921இல் இறந்தவர். பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளை ஒரு பத்துப் பக்கம் வாசித்தாலே காதில் அந்த ஓசை ஏறிவிடும். ஸ்திரீ, ஜாதி, தேசம், ஜனங்கள் என்று கிரந்தம் தாராளமாக வரும், வாக்கியம் நேரே முகத்துக்கு நேராகப் பேசும். அவர் பெயரில் “நேர்மறை எண்ணமே வாழ்வின் இலக்கை அடைய உதவும் திறவுகோல்” என்ற மாதிரி வந்தால், அது நம் காலத்து ஆங்கிலத் தன்னம்பிக்கைப் புத்தகம் தமிழில் வேஷ்டி கட்டிக்கொண்டு வந்தது. நான் இந்தச் சாயலில் இருப்பதையெல்லாம் முதல் சுற்றிலேயே சிவப்பு மையால் அடித்துவிடுவேன். மிச்சத்தை மட்டும் புத்தகத்தில் தேடினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. எழுத்துவடிவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அச்சான பாரதி நூல்களில் லை, னை, றா எல்லாம் புது வடிவத்தில்தான் இருக்கும். சில பதிப்பில் “ஸ்வதந்திரம்” “சுதந்திரம்” ஆகியிருக்கும். அதெல்லாம் பதிப்பாசிரியர் கை, பாரதி கை இல்லை.

ஓய்வுபெற்ற பெரியவர்: மெக்காலே 1835 பிப்ரவரி 2ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியது, “இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணித்தேன், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் காணவில்லை” என்பது. நான் முப்பது வருடமாக மேடையில் சொல்லிவருகிறேன். அதையும் போலி என்பீர்களோ?

மன்னிக்கவும் ஐயா, போலிதான். 1834 ஜூனில் மெக்காலே சென்னையில் வந்து இறங்கினார், கவர்னர் ஜெனரல் பெண்டிங்க்கைப் பார்க்க ஊட்டிக்குப் போனார், பிறகு கல்கத்தா. 1838 வரை இங்கேதான் இருந்தார். நீங்கள் சொல்லும் அதே 1835 பிப்ரவரி 2ஆம் தேதியிட்டு கல்கத்தாவில் அவர் எழுதியதுதான் கல்விக் குறிப்பு. அன்றைக்கு லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்?

இது ஆங்கிலத்தில் சொன்னதாகச் சொல்லப்படுவது, அதனால் ஆங்கில வாசகத்தைத்தான் சோதிக்க வேண்டும். தமிழாக்கத்தில் எல்லாச் சொல்லும் ஒரே வயதாகத் தெரியும். மூலம் என்று சுற்றும் வாசகத்தில் “கல்ச்சுரல் ஹெரிடேஜ்” என்று வருகிறது. பண்பாட்டைக் குறிக்க அந்த உரிச்சொல் பரவலானது மெக்காலேவின் காலத்துக்குப் பிறகு. கூகுள் புக்ஸில் ஆண்டு வரம்பை 1840க்கு முன் என்று வைத்துத் தேடிப் பாருங்கள். ஒன்றிரண்டு அகப்பட்டால் உடனே நம்பிவிடாமல் அந்தப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள், ஆண்டு தப்பாகப் பதிந்த புத்தகங்கள் அங்கே நிறைய. போதாததற்கு அந்த வாசகம் “இந்த நாட்டை வெல்ல முடியாது” என்று வேறு கவலைப்படுகிறது. 1818இல் மராத்தியர் தோற்றபோதே பெரும்பகுதி கம்பெனி கைக்கு வந்தாயிற்று.

அவர் உண்மையில் எழுதியதே உங்கள் மேடைக்குப் போதும். நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒற்றை அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் முழு இலக்கியத்துக்கும் சமம் என்று அந்தக் குறிப்பில் இருக்கிறது. இந்தியர்களைப் புகழ்ந்துவிட்டுச் சதி செய்தவர் இல்லை அவர், நேரடியாகவே மட்டம் தட்டியவர்.

அதே காலேஜ் தம்பி: கூகுள்ல போட்டா ஆயிரக்கணக்குல வருதே அண்ணே, அத்தனை பேருமா தப்பு?

ஆமாம் தம்பி, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியது. இதில் ஒரு உபயோகமும் உண்டு. பட்டியலில் இரண்டு வகைப் போலி வரும். மெக்காலே வகை, மனிதர்கள் முன்பே கட்டிவிட்டதை ஏஐ கற்றுக்கொண்டு திருப்பிச் சொல்வது. தேடினால் எக்கச்சக்கமாக வரும், ஒன்றில்கூடப் பக்க எண் இருக்காது. டீச்சருக்கு வந்தது அப்போதே சமைத்தது, பெரும்பாலும் எங்குமே அகப்படாது.

கவிதை எழுதுபவர்: நான் எழுதும் புதுக்குறள்களிலும் தளை தட்டுகிறது. அவையும் போலியா?

இல்லை ஐயா, உங்கள் பெயரில் இருக்கும்வரை அது உங்கள் குறள். வள்ளுவர் பெயரைப் போட்டால்தான் எனக்கு வேலை.

இளைஞர் மன்றச் செயலாளர்: “நூறு இளைஞர்களைத் தாருங்கள், இந்தியாவை மாற்றிக் காட்டுகிறேன்” என்ற விவேகானந்தர் வாசகத்தைச் சுவரில் எழுதிவிட்டோம். அழிக்கணுமா?

இது நடுவில் நிற்கிறது. 1897இல் சென்னை விக்டோரியா ஹாலில் அவர் ஆங்கிலத்தில் ஆற்றிய உரையில், வலிமையும் நம்பிக்கையும் நேர்மையும் உள்ள இளைஞர்கள் வேண்டும், அப்படி நூறு பேர் இருந்தால் உலகமே புரட்டிப்போடப்படும் என்ற பொருளில் வருகிறது. “தாருங்கள்” அங்கே இல்லை, “காட்டுகிறேன்” இல்லை, இந்தியாகூட இல்லை, உலகம்தான். கருத்து அவருடையது, வாக்கியம் வேறு யாரோ மேடைக்காகத் தட்டி நீட்டியது. நானாக இருந்தால் மேற்கோள் குறியை அழித்துவிட்டு “விவேகானந்தர் உரையிலிருந்து” என்று போடுவேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் அதுவும் கூடாது, மூலத்தை அப்படியே மொழிபெயர்த்துப் போடு என்பார். இதில் எங்களுக்குள் இன்னும் சண்டைதான்.

பள்ளி ஆசிரியை மறுபடியும்: அப்துல் கலாம் பெயரில் மூன்று இருக்கிறது சார். அதற்கு எப்படி அலகிடுவது?

அங்கே இந்த வித்தை பலிக்காது டீச்சர். 2015 வரை நம்மோடு இருந்தவர், நம் காலத்துச் சொல்லையே பேசியவர். போலி எழுதுகிறவரும் அதே சொல்லைத்தான் எழுதுவார், மொழியில் பிடி கிடைக்காது. எந்த நூல், எந்தப் பக்கம், அல்லது எந்த ஊரில் எந்த நாள் பேசியது என்று கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மூன்று இடத்திலும் 619ஆம் குறளையும் அதன் பக்கத்துக் குறள்களையும் போட்டுவிடுங்கள், முயற்சி பற்றித்தானே கேட்டீர்கள்.